ரஜ்ஜு தட்டுகிறது என்றால்: கொமரலிங்கத்திலிருந்து பேத்திக்கு ஒரு கடிதம்

கண்ணு,

உன் அம்மா நேற்று ராத்திரி போனில் அழுதுவிட்டாள். உனக்கு ரோகிணி, பையனுக்கு சுவாதி, ரஜ்ஜு தட்டுகிறது, வேண்டாம் என்று உடுமலையில் பார்த்தவர் சொன்னாராம். தாராபுரத்தில் பார்த்தவரோ தாராளமாகச் செய்யலாம் என்றாராம். நீ திருப்பூரில் சம்பளத்துக்கு ஓடிக்கொண்டே இதையும் மனசில் சுமக்கிறாய். அம்மாயி முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், நிதானமாகப் படி.

பத்துப் பொருத்தம் பார்த்தால் இரண்டு ஜாதகத்தையும் முழுக்கப் பார்த்தாகிவிட்டது என்று நம் சனம் நம்புகிறது. அப்படி இல்லை சாமி. தினம், கணம், யோனி, ரஜ்ஜு எல்லாமே பிறந்தபோது சந்திரன் இருந்த நட்சத்திரத்தையும் ராசியையும் வைத்துச் சொல்வது. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். உலகத்தில் ஒரு நாளைக்கு மூன்று லட்சம் குழந்தைகளுக்கு மேல் பிறக்கின்றன. நீ பிறந்தபோது ரோகிணி நடந்த அந்த நேரத்துக்குள் பிறந்த அத்தனை பேருக்கும் ரோகிணிதான். அவர்களில் யாரை வைத்துப் பார்த்தாலும் ரஜ்ஜு இப்படியேதான் வரும்.

ரஜ்ஜு என்பது 27 நட்சத்திரங்களையும் பாதம், தொடை, வயிறு, கழுத்து, தலை என்று ஐந்தாகப் பிரிப்பது. தலைக்கு மூன்று, மற்ற நான்குக்கும் ஆறாறு. ரோகிணி, திருவாதிரை, அஸ்தம், சுவாதி, திருவோணம், சதயம் ஆறும் கழுத்து. இரண்டு பேரும் ஒரே பிரிவில் இருந்தால் தட்டுகிறது என்பார்கள். 27 பெண் நட்சத்திரம், 27 ஆண் நட்சத்திரம், மொத்தம் 729 ஜோடி. அதில் 153 ஜோடிக்குத் தட்டும், ஐந்தில் ஒன்று. உண்மையிலேயே அது தாலிக்கு ஆபத்தென்றால், ஜாதகம் எழுதாமல் கல்யாணம் செய்த எத்தனையோ வீடுகளில் ஐந்தில் ஒரு தாலி அறுந்திருக்க வேண்டும். நம் ஊரிலேயே அப்படி நடக்கவில்லை என்பதை நான் எழுபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன்.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. பாதத்திலிருந்து தலைக்கு ஏறும் வரிசையில் ரோகிணி வருகிறது, தலையிலிருந்து இறங்கும் வரிசையில் சுவாதி வருகிறது. ஒன்று ஆரோகணம், ஒன்று அவரோகணம் என்றால் தோஷமில்லை என்று எடுப்பவர்கள் உண்டு, எடுக்காதவர்களும் உண்டு. ஆக, உன் வாழ்க்கையை முடிவு செய்தது கிரகம் இல்லை, யார் வீட்டுக்குப் போனோம் என்பதுதான்.

செவ்வாய் தோஷமும் இப்படித்தான். லக்னத்துக்கு 2, 4, 7, 8, 12-ல் செவ்வாய் இருந்தால் தோஷம். பன்னிரண்டு கட்டத்தில் ஐந்து. ராசியிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணிப் பார்த்தால் பத்தில் எட்டுப் பேருக்கு ஏதாவது ஒன்றில் வந்துவிடும். அதைச் சொல்லி ஒரு பெண்ணை வருஷக்கணக்கில் வீட்டில் உட்கார வைப்பது பாவம்.

என் சின்னம்மா மகளுக்குப் பத்தில் ஒன்பது பொருந்தியது. ஊரே மெச்சியது. பையன் வீட்டுக் கடனைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. மூன்றாம் வருஷம் நான் போனபோது கழுத்தில் தாலிக்கொடி இல்லை, மஞ்சள் கயிற்றில் தாலி கிடந்தது. கொடி அடகுக்கடையில். ஜாதகத்தை ஒரு வாரம் பார்த்தவர்கள், அவன் வேலை பார்த்த இடத்துக்கு ஒரு மணி நேரம் போய்வரவில்லை.

அதனால்தான் உன் அம்மாவுக்கு வரன் வந்தபோது அப்புச்சி சொல்லாமல் கொள்ளாமல் அந்த ஊருக்குப் போய் டீக்கடையில் உட்கார்ந்தார். குடி உண்டா, கடன் உண்டா, அம்மாவிடம் எப்படிப் பேசுகிறான் என்று கேட்டார். ஜாதகமும் பார்த்தோம், பெரியவர்கள் மனசு நிறையட்டும் என்று. ஆனால் அதை முதலில் வைக்கவில்லை.

இன்னொன்று. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், தலசீமியாவுக்கான ஹீமோகுளோபின் ஏ2 உட்பட. அதைச் சுமப்பவர் நன்றாகவே இருப்பார், வெளியே தெரியாது. இரண்டு பேரும் சுமந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. இதை எந்தக் கட்டமும் காட்டாது.

பையனிடம் சம்பளத்தையும் கடனையும் வெட்கப்படாமல் கேள். உன் கடனையும் சொல். நீ வேலையை விட வேண்டும் என்று நினைக்கிறானா, கேள். பதில் உனக்குச் சரியாகப்பட்டால் ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு கொமரலிங்கம் வா. உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அம்மாயி