தவறாகப் போன விண்ணப்பத்துக்கு மறு கடிதம்

பட்டர்வொர்த் துறைமுகத்தை ஒட்டிய ஃபார்வர்டிங் அலுவலகம் ஒன்றில் ஆள் எடுக்கும் மேசையில் நெடுநாள் உட்கார்ந்திருந்தவன் நான். வேலை கேட்டு வரும் கடிதங்களில் வேறொரு கம்பெனியின் பெயரைப் பார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. ரெசுமே என்று திறந்தால் மோட்டார் சைக்கிள் இன்சூரன்ஸ் தாள் வந்து நிற்பதும் உண்டு. அப்படி அனுப்பிவிட்டுத் தவிக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. ஜிமெயிலில் அனுப்பிய கையோடு திரையின் ஓரத்தில் Undo என்று ஒரு சொல் தோன்றும். மாற்றாமல் விட்டால் 5 விநாடிதான் நிற்கும். Settings உள்ளே போய் Undo Send என்ற இடத்தில் 30 விநாடி என்று மாற்றி, பக்கத்தின் அடியில் Save Changes அழுத்தி வையுங்கள். 30-க்கு மேல் அது தராது. அவுட்லுக்கில் Recall இருக்கிறதே என்பீர்கள். அது ஒரே நிறுவனத்துக்குள் போய்வரும் அஞ்சலுக்குத்தான் உதவும். வெளிக் கம்பெனிக்குப் போனதை இழுத்து வராது. வாட்ஸ்அப்பில் விண்ணப்பம் கேட்கும் கடைகளும் கம்பெனிகளும் இங்கே நிறைய உண்டு. அதில் எழுதிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். தவறான கோப்பு போயிருந்தால் அழிக்கத்தான் வேண்டும். அழித்த தடம் அங்கே தெரியும். ஆகவே அழித்துவிட்டுச் சும்மா இருக்காமல் சரியான கோப்பை உடனே போடுங்கள்.

2. இந்தக் கதவெல்லாம் மூடிவிட்டது என்றால், மறு கடிதம் எழுத உட்காருமுன் Sent பெட்டியைத் திறந்து, போன கடிதத்தை வாசியுங்கள். இணைப்பையும் அங்கிருந்தே திறந்து பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பைப் பார்ப்பதில் பயனில்லை; அவர்கள் கையில் இருப்பது எது என்பதுதான் கேள்வி.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், பெர்மாத்தாங் பாவ் போலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்தவள். பிறையில் ஒரு கம்பெனிக்கும் பட்டர்வொர்த்தில் ஒரு கம்பெனிக்கும் ஒரே மாலையில் ஷிப்பிங் குமாஸ்தா வேலைக்கு எழுதினாள். பட்டர்வொர்த் கம்பெனிக்குப் போன கடிதத்தில் பிறைக் கம்பெனியின் பெயர் இருந்தது. பதறிப்போய் அப்போதே மன்னிப்பு எழுதத் தொடங்கினாள். நல்லவேளையாக அக்கா தடுத்து, முழுவதையும் பார்க்கச் சொன்னாள். பார்த்தால் ரெசுமேக்குப் பதிலாகக் கல்லூரிக் கட்டண ரசீது போயிருந்தது. முதல் தவறுக்கு ஒரு கடிதம், இரண்டாவதுக்கு இன்னொன்று என்று போயிருந்தால் அந்த மேசைக்கு ஒரே ஆளிடமிருந்து மூன்று அஞ்சல். மூன்றில் எதை நம்புவது என்று தேடிப் பார்க்க அங்கே யாருக்கும் பொழுதில்லை. திருத்தம் ஒரே ஒருமுறை. அதற்காக அரைமணி நேரம் போனாலும் பரவாயில்லை.

3. எல்லாப் பிழையும் மறு கடிதம் கேட்பதில்லை. எழுத்துப் பிழை, விட்டுப்போன காற்புள்ளி இவற்றை விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் பலர் கவனிக்கவே மாட்டார்கள். துவான் என்று எழுத வேண்டியவருக்குப் புவான் என்று எழுதிவிட்டாலோ, டத்தோ பட்டத்தை விட்டுவிட்டாலோ, அதற்கென்று தனிக் கடிதம் வேண்டாம். அடுத்த முறை எழுதும்போது சரியாக விளித்தால் போதும். கம்பெனி பெயர், இணைப்பு, கேட்கும் வேலையின் பெயர், உங்கள் தொலைபேசி எண், இவற்றில் ஒன்று தவறினால் மட்டும் எழுதுங்கள். இவற்றில் மோசமானது தொலைபேசி எண்தான். மற்றவை தவறினால் உங்களைக் கூப்பிட்டாவது கேட்பார்கள். எண் தவறினால் கூப்பிடவும் வழியில்லை. ஆனால் பிள்ளைகள் பதறுவது என்னவோ கம்பெனி பெயருக்குத்தான்.

4. அந்தக் கம்பெனி பெயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய கடிதத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவதால் வரும் வினை இது. பெயர் ஒரே இடத்தில் இருக்காது. முகவரியில் இருக்கும், முதல் பத்தியில் இருக்கும், 'தங்கள் நிறுவனத்தில் சேர்ந்து' என்று முடிக்கும் இடத்திலும் இருக்கும். கோப்பின் பெயரிலும் இருக்கலாம். இத்தனையும் மாற்றிய பிறகும் ஓர் இடம் மிச்சமிருக்கும். வேர்டில் ஒரு கோப்புக்கு Title என்று ஒரு குறிப்பு உண்டு. File, பிறகு Info என்று போனால் தெரியும். அந்த இடத்தில் பழைய கம்பெனியின் பெயர் இருந்தால், பிடிஎஃப் ஆக்கும்போது அதுவும் கூடவே போகும். வாங்கியவர் அதை பிரௌசரில் திறந்தால் மேலே டேப்பில் பளிச்சென்று அந்தப் பெயர்தான் நிற்கும். கோப்புக்கு என்ன புதுப் பெயர் வைத்தாலும் அது மாறாது. எனவே திருத்திய பிடிஎஃப்பை நீங்களே ஒருமுறை பிரௌசரில் திறந்து டேப்பைப் பாருங்கள்.

இன்னொன்று. ஒரே குழுமத்தில் நாலைந்து கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே பெயரில் இருக்கும்; ஒன்று செண்டிரியான் பெர்ஹாட், தாய்க் கம்பெனி வெறும் பெர்ஹாட். சரியான பெயரை நினைவிலிருந்து எழுதாமல் வேலை விளம்பரத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். திருத்தக் கடிதத்திலும் பெயர் தவறினால் அதற்குமேல் யாரும் உதவ முடியாது.

5. இனி கடிதம். அந்தப் பெண் முதலில் எழுதி வைத்திருந்ததை நான் பார்த்தேன். லைன் மெதுவாக இருந்ததாம், லேப்டாப் தம்பியுடையதாம், பல கம்பெனிகளுக்கு எழுதியதில் குழம்பிவிட்டாளாம், இப்படி நடப்பது இதுவே முதல் முறையாம், தயவுசெய்து தன்னைத் தவறாக நினைக்க வேண்டாமாம். பிறைக் கம்பெனியின் பெயரையும் முழுதாக எழுதி, 'அவர்களுக்கு எழுதியது உங்களுக்கு வந்துவிட்டது' என்று விளக்கமும் கொடுத்திருந்தாள். எது சரியான ரெசுமே என்பது மட்டும் பதினோராவது வரியில்தான் வந்தது.

எங்கள் தொழிலில், பில் ஆஃப் லேடிங்கில் சரக்கு வாங்குபவர் பெயர் தவறிவிட்டால் திருத்தம் கேட்டு எழுதுவோம்: இன்ன இடத்தில் இப்படி இருக்கிறது, இப்படி இருக்க வேண்டும் என்று. காரணம் யாரும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. உங்கள் கடிதமும் அந்தச் சுருக்கத்தில் இருக்கட்டும். ஒரே ஒரு வித்தியாசம்: அங்கே பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் எழுதியாக வேண்டும். இங்கே தவறான பெயரை மறுபடி எழுதக் கூடாது. படிக்கிறவர் அதைக் கவனிக்காமலே தாண்டியிருக்கலாம்.

மலாயில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் பொருள் இவ்வளவுதான்:

> மதிப்பிற்குரிய துவான்/புவான்,
>
> ஷிப்பிங் குமாஸ்தா வேலைக்கு இன்று மாலை நான் அனுப்பிய விண்ணப்பத்தில் நிறுவனத்தின் பெயரும் இணைப்பும் தவறாக இருந்தன. மன்னிக்கவும்.
>
> சரியான கடிதத்தையும் ரெசுமேயையும் இத்துடன் இணைத்துள்ளேன். முந்தைய அஞ்சலை விட்டுவிட்டு இதையே எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> நன்றி.

அடியில் பெயரும் தொலைபேசி எண்ணும். மன்னிப்பு ஒரே ஒருமுறை. 'முந்தைய அஞ்சலை விட்டுவிட்டு' என்ற வரி இருந்தால்தான் வாசிப்பவர் இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார். ஒரு திருத்தக் கடிதம் செய்ய வேண்டிய வேலையே அதுதான்: முதலாவதைத் திறக்காமலே ஒதுக்க வழிவிட வேண்டும். அதனால் ரெசுமே மட்டும் தவறியிருந்தாலும் கடிதம், சான்றிதழ் எல்லாவற்றையும் மறுபடி முழுதாக வையுங்கள். பாதி அங்கே, பாதி இங்கே என்று விடாதீர்கள்.

6. இதை எப்படி அனுப்புவது என்பதிலும் சறுக்குகிறார்கள். போன அஞ்சலை Forward செய்து திருத்தினால் பழைய இணைப்பும் ஒட்டிக்கொண்டு மறுபடி போகும். அதற்குப் பதிலாக Sent பெட்டியில் உள்ள அஞ்சலுக்கே Reply கொடுங்கள். பெறுநர் யார் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். Reply-இல் இணைப்பு தானாக வராது, புதிதாக வைக்க வேண்டும். மன்னிப்புக் கடிதத்தில் இணைப்பை மறந்தவர்களையும் கண்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். கீழே மடங்கிக் கிடக்கும் பழைய கடிதத்தை அழித்துவிடுங்கள். தலைப்பு வரியை மாற்றாதீர்கள். மாற்றினால் ஜிமெயிலில் அது தனி அஞ்சலாகப் பிரிந்துவிடும். விளம்பரத்தில் கேட்ட தலைப்பை வைத்துத்தான் பல அலுவலகங்களில் தேடுவார்கள்.

கோப்பின் பெயர் வேறாக இருக்கட்டும். முதலில் Resume.pdf என்று போயிருந்து, இப்போதும் Resume.pdf என்றே போனால், அவர்கள் இறக்கும்போது இரண்டாவது Resume (1).pdf என்று விழும். பேட்டி நாளன்று அச்செடுக்கிறவர் எதை எடுப்பார் என்பது அவருக்கே தெரியாது. உங்கள் பெயரையும் கேட்கும் வேலையையும் சேர்த்துப் பெயரிடுங்கள். 'final', 'latest' என்ற சொற்கள் வேண்டாம். அவை உங்களுக்குப் புரியும், அவர்களுக்கு எரிச்சல்.

நேரம் பற்றிக் கேட்கிறார்கள். இரவு பத்து மணிக்குக் கண்டுபிடித்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். அஞ்சல் பெட்டியில் புதியது மேலே நிற்கும். காலையில் வந்து உட்காருகிறவர் கண்ணில் முதலில் படுவது உங்கள் திருத்தமாகவே இருக்கும்.

7. மேலே சொன்னதெல்லாம் உங்களை மட்டும் பாதிக்கும் தவறுகள். தவறிப் போன இணைப்பு இன்னொருவருடையது என்றால் கதை வேறு. தங்கையின் மைகார்ட் நகல், நண்பரின் சம்பளச் சீட்டு, பழைய முதலாளியின் விலைப்பட்டியல், இப்படி. மைகார்டில் உள்ள 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி. முகவரியும் முகமும் அதிலேயே இருக்கின்றன. அப்போது கடிதத்தில் ஒரு வரி கூட்டுங்கள்: 'முதல் அஞ்சலில் உள்ள இணைப்பு வேறொருவருக்கு உரியது; அதை அழித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' என்ன தாள், யாருடையது என்று விவரிக்க வேண்டாம். மறுநாள் அலுவலக நேரத்தில் தொலைபேசியிலும் ஒருமுறை சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் வேண்டாம், தொழுகைக்குப் போயிருப்பார்கள். பிறகு அந்தத் தாளுக்கு உரியவரிடமும் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் மறைப்பது இதைத்தான். நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கம்பெனிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. அதனால் அழிக்கச் சொல்லிக் கேட்பதை அவர்கள் தொல்லையாக எண்ணுவதில்லை.

8. பதிலாக 'Noted' என்று ஒரு சொல் வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம். வந்தால் அதற்கு நன்றி சொல்லி இன்னோர் அஞ்சல் வேண்டாம். வராவிட்டால் 'திருத்தம் கிடைத்ததா' என்று கேட்க வேண்டாம். விண்ணப்பம் என்ன ஆனது என்று பிறகு கேட்கும் கடிதத்திலும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். பேட்டிக்குக் கூப்பிட்டால் திருத்திய கடிதத்தையும் ரெசுமேயையும் அச்செடுத்துக் கையோடு கொண்டு போங்கள். மேசையில் அவர்கள் பழைய தாளை வைத்திருந்தால், 'இது திருத்தியது, ஐயா' என்று நீட்டிவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.