வங்கி வாசலில் வரிசை ஏன் நீள்கிறது?

கேள்வி: நாம் போடும் டெபாசிட்டை வங்கிகள் பெட்டியில் வைத்திருப்பதில்லை, கடனாகக் கொடுத்துவிடுகின்றன என்கிறார்கள். எல்லோரும் ஒரே நாளில் போய்க் கேட்டால் என்ன ஆகும்? என் ஓய்வுக்காலப் பணம் 7 லட்சம் ரூபாய் ஒரு நகரக் கூட்டுறவு வங்கியில் இருக்கிறது. 5 லட்சம் வரை காப்பீடு உண்டு என்கிறார்கள். அதை நம்பலாமா?
*– வாசகர், கும்பகோணம்*

பதில்: எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் எந்த வங்கியாலும் கொடுக்க முடியாது. நன்றாக நடக்கும் வங்கிக்கும் இது பொருந்தும். உங்கள் டெபாசிட்டில் ஒரு சிறு பங்கு ரிசர்வ் வங்கியில் ரொக்க இருப்பாகவும், இன்னொரு பங்கு பெரும்பாலும் அரசுக் கடன் பத்திரங்களிலும் இருக்கும். மீதியில் பெரும்பகுதி யாரோ ஒருவரின் வீட்டுக் கடனாக, கடைக்கான கடனாக வெளியே போயிருக்கும். நீங்கள் இன்றே கேட்கலாம். கடன் வாங்கியவரோ 20 வருடம் தவணை கட்டுவார். அவசரத்துக்கு அந்தக் கடன்களை விற்றால் பாதி விலைக்குக்கூடப் போகாமல் இருக்கலாம். அப்போது நல்ல வங்கியும் நிஜமாகவே திவாலாகிவிடும்.

வரிசையில் முன்னால் நிற்பவருக்கு முழுப் பணமும் கிடைக்கும், கடைசியில் நிற்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே வதந்தி பொய் என்று தெரிந்தவர்கூட, மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்தால் தானும் ஓடுவதுதான் புத்திசாலித்தனம். அவர்களைப் பீதி பிடித்தவர்கள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. ஓடுவதற்கான காரணத்தையே எடுத்துவிட வேண்டும். டெபாசிட் காப்பீட்டின் வேலை அதுதான். ஆனால் அரைகுறைக் காப்பீடு அந்த வேலையைச் செய்யாது. பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி இதற்குச் சரியான பாடம்.

வீட்டுக் கடன் கொடுப்பதுதான் அந்த வங்கியின் முக்கியத் தொழில். அதற்கான பணத்தின் பெரும்பகுதியைப் பொதுமக்களிடமிருந்து வாங்காமல், பெரிய நிதிச் சந்தைகளில் கடனாகத் திரட்டியது. 2007 ஆகஸ்டில் அந்தச் சந்தைகள் உறைந்தன. பாங்க் ஆஃப் இங்கிலாந்திடம் அவசர உதவி கேட்டிருக்கிறது என்ற செய்தி செப்டம்பர் 13 இரவு பிபிசியில் வந்தது. மறுநாள் காலை கிளைகளின் வாசலில் நீண்ட வரிசை.

பிரிட்டனில் அப்போதும் காப்பீடு இருந்தது. முதல் 2,000 பவுண்டுக்கு முழுமையாக. அதற்கு மேல் 33,000 பவுண்டுக்கு 90 சதவீதம் மட்டும். 10,000 பவுண்டு வைத்திருந்தவருக்கு வங்கி மூழ்கினால் 9,200 பவுண்டுதான் திரும்பும். அதுவும் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். சில மணி நேரம் வரிசையில் நின்றால் 800 பவுண்டு மிஞ்சும் என்றால் யார்தான் நிற்க மாட்டார்கள்? வங்கியிடம் போதுமான சொத்து இருக்கிறது என்று அதிகாரிகள் சொல்லிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. செப்டம்பர் 17 மாலை நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் அந்த வங்கியின் டெபாசிட்டுகளுக்கு அரசு உத்தரவாதம் என்று அறிவித்த பிறகே வரிசைகள் கலைந்தன. அக்டோபர் 1 முதல் 35,000 பவுண்டு வரை முழுக் காப்பீடு என்று விதியையும் மாற்றினார்கள்.

தொகை முழுமையாக இருந்தால் போதாது, சீக்கிரமும் வர வேண்டும். இதை நம் நாட்டில் 2019இல் பிஎம்சி கூட்டுறவு வங்கியின் டெபாசிட்தாரர்கள் அனுபவித்தார்கள். ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது முதலில் எடுக்க அனுமதித்தது வெறும் 1,000 ரூபாய். காப்பீட்டுத் தொகையோ வங்கி மூடப்பட்டால்தான் வரும் என்பது அன்றைய சட்டம். வங்கி மூடப்படவும் இல்லை, பணம் எடுக்கவும் வழியில்லை. மருத்துவச் செலவுக்குக்கூடத் தவித்தார்கள். 2020 பிப்ரவரியில் காப்பீட்டு வரம்பு 1 லட்சத்திலிருந்து 5 லட்சமானது. 2021இல் சட்டமும் திருத்தப்பட்டது. இப்போது ஒரு வங்கியில் பணம் எடுப்பதை ரிசர்வ் வங்கி முடக்கினால், பொதுவாக 90 நாட்களுக்குள் காப்பீட்டுத் தொகை டெபாசிட்தாரருக்கு வர வேண்டும். இதற்கான பிரீமியத்தை வங்கிதான் கட்டுகிறது, உங்களிடம் வசூலிக்க முடியாது.

உங்கள் கணக்குக்கு வருவோம். 5 லட்சம் என்பது அசலும் வட்டியும் சேர்த்து. அதே வங்கியின் வேறு கிளைகளில் உங்கள் பெயரில் உள்ளதும் இதிலேயே சேரும். உங்களுக்கு 2 லட்சமும் வட்டியும் காப்பீட்டுக்கு வெளியே நிற்கிறது. வேறொரு வங்கியில் போட்டால் அங்கே தனியாக 5 லட்சம் வரம்பு உண்டு. வட்டி ஏறினாலும் வரம்பைத் தாண்டாதபடி சற்றுக் குறைவாகவே ஒவ்வொரு இடத்திலும் வையுங்கள். முக்கியமாக, நீங்கள் பணம் போட்டிருப்பது ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற கூட்டுறவு வங்கியா, கூட்டுறவுக் கடன் சங்கமா என்று இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சங்கத்தில் போட்ட பணத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது.