ஆசியும் மிரட்டலும்

சிரஞ்சீவி மீனாட்சிக்குப் பெரியப்பா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது.

பதினொரு பேருக்கு அனுப்பினால் சுபம், அலட்சியம் செய்தால் அனர்த்தம் என்று வாட்ஸப்பில் வரும் ஆசிச் செய்திகளைப் பரப்ப வேண்டாமென்று ஒரு நிமிஷப் படம் எடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். உன் கணக்கும் சரியே. சங்கிலி அறுபடாமல் ஆளுக்குப் பதினொரு பேராகப் பெருகினால், பத்தாவது படியில் 2,593 கோடிக்கும் அதிகமான பேர் வேண்டும். உலக ஜனத்தொகையோ எண்ணூறு கோடியைச் சற்றே தாண்டியது. ஆனால் இந்தக் கணக்கு, அவற்றை அனுப்பிவரும் உன் அத்தையை அசைக்காது.

ஏனெனில், அவள் அந்த மிரட்டலை நம்பி அனுப்புவதில்லை. வெளியூரிலிருக்கும் பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் நாம் அனுப்பாததுதான் காரணமோ என்ற சஞ்சலம் பிற்பாடு மனத்தை அரிக்குமே என்று அஞ்சி, ‘எதற்கு வம்பு’ என்று அனுப்புகிறாள். தபால் கார்டு யுகத்திலும் இதே மிரட்டல் வந்ததுண்டு. அத்தனை கார்டும் கைப்பட எழுதவேண்டியிருந்ததால், பலர் விவேகத்தால் அல்ல, சோம்பலால் தப்பித்தார்கள்! பயத்தோடு வாதாடினால் அது பிடிவாதம் கொள்ளும். ஆகையால், அந்தப் பயம் அடுத்தபடியாக யாரிடம் போய்ச் சேருகிறது என்பதை மட்டும் உன் படம் காட்டட்டும்.

அதற்கான வழி அந்தச் செயலியிலேயே இருக்கிறது. பலமுறை கைமாறி இரட்டை அம்புக்குறி பெற்ற செய்தியை, 2020 முதல், ஒரு சமயத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும். எனவே உன் கதாநாயகி விடியற்காலையில் அப்படி வந்த பிள்ளையார் படத்தை ஒவ்வொருவராகப் பெயர் பார்த்து அனுப்பிவருகிறாள். ஏழாவது பெயர், பிரசவத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும் மருமகளுடையது. விரல் தயங்குகிறது. இந்த மௌனத்துக்கு ஐந்து விநாடியாவது கொடு. பின்னணியில் சோக வாத்தியம் எதையும் சேர்த்துவிடாதே.

மிரட்டல் அந்தப் பிள்ளையார் படத்திலேயே அச்சாகியிருப்பதால், ஆசியை மட்டும் பிரித்து அனுப்ப அவளுக்கு வழியில்லை. அதை விட்டுவிட்டு, “கண்ணு, ராத்திரி தூங்கினாயா? பிள்ளையார் துணையிருப்பார்” என்று தானே தட்டி அனுப்புகிறாள். பக்தியும் குறையவில்லை, பயமும் போய்ச் சேரவில்லை. மருமகளின் பதில் வரட்டும், அத்தோடு காட்சி முடியட்டும்.

மிரட்டல் வாசகத்தைத் திரையில் முழுவதும் காட்டாதே; இளகிய மனமுடையவர் அதைப் படித்துவிட்டுத் தமக்கே வந்ததாக எண்ணிக் கலங்குவார். அனுப்புகிறவளைப் பரிகாசம் செய்யும் வசனமும் வேண்டாம். தன்னைக் கேலி செய்யும் படத்தை எந்த அத்தையும் இறுதிவரை பார்க்கமாட்டாள். ஒலியை அடக்கிவைத்துப் பார்ப்பவர் பலராதலால், வசனங்களைப் பெரிய எழுத்தில் கீழே போடு.

முடிவில் ‘இதைப் பதினொரு பேருக்கு அனுப்புங்கள்’ என்று மட்டும் எழுதிவிடாதே, அம்மா.

இப்படிக்கு,
உன் பெரியப்பா