தூக்க கேப்ஸ்யூலும் மஞ்சள் காமாலையும்: வழக்கு நிற்குமா?

கேள்வி: தூக்கம் வராத என் கணவர் ஆன்லைனில் மூலிகைத் தூக்க கேப்ஸ்யூல் வாங்கிச் சாப்பிட்டார். சில வாரங்களில் மஞ்சள் காமாலை. டப்பாவில் வலேரியன், காவா, கெமோமில் என்று பெயர்கள் மட்டும் இருக்கின்றன, அளவு இல்லை. கம்பெனி மீது வழக்குப் போடலாமா?
– வாசகி, ராசிபுரம்

பதில்: போடலாம். ஆனால் "இதுதான் ஈரலைக் கெடுத்தது" என்ற ஒரே வாதத்தை நம்பிப் போனால் வழக்கு தடுமாறும்.

மூன்றில் சந்தேகத்துக்குரியது காவா. பசிபிக் தீவுக்காரர்கள் அதன் வேரைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது பழைய வழக்கம். ஐரோப்பாவில் அதன் சாறு மாத்திரையாக விற்றபோதுதான் ஈரல் பாதிப்புகள் பதிவாயின. சிலருக்கு மாற்று ஈரல் பொருத்தும் அளவுக்குப் போனது. 2002-இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. எச்சரித்தது, ஜெர்மனி உரிமங்களை ரத்து செய்தது. ஆனால் 2014-இல் கொலோன் நிர்வாக நீதிமன்றம் அந்த ரத்து செல்லாது என்றது! வேரோடு தண்டும் இலையும் சேர்ந்தனவா, எந்த ரகம், கூடவே மதுவோ வேறு மருந்தோ எடுத்தார்களா என்ற கேள்விகளுக்கு இன்றும் தெளிவான விடை இல்லை. வலேரியனால் ஈரல் பாதிப்பு அரிது. பலனும் சொற்பமே: தூக்கமின்மைக்கு அதைத் தர வேண்டாம் என்றே அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2017-இல் பரிந்துரைத்தது. கெமோமிலுக்கு இருப்பவை சிறிய ஆய்வுகள்தான்.

ஆகவே வாசகிக்கு வலுவான பிடி லேபிள்தான். இத்தகைய பொருளின் டப்பாவில் மூலப்பொருள் அளவும், மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது என்ற வாசகமும், 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தவறான முத்திரை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 52-வது பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதை நிரூபிக்க மருத்துவ சாட்சியம் தேவையில்லை.

அபராதம் அரசுக்குப் போகும். இழப்பீடு வேண்டுமென்றால் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பாதிப்பு நேர்ந்து 2 ஆண்டுக்குள், மனு செய்ய வேண்டும். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்ய 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

பரிசோதனையில்தான் பலர் சறுக்குகிறார்கள். வாங்கியவரே பொருளைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு அனுமதித்தாலும், வாங்கும்போதே அதை விற்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆன்லைனில் யார் சொல்வார்கள்? எனவே மீதமுள்ள கேப்ஸ்யூலைத் தனியாக அனுப்பாமல், ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்திடமே கேட்பது நல்லது. உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் புகார் கொடுக்கலாம். அவர் புதிதாக மாதிரி எடுப்பார். ஒரு டப்பாவில் இருப்பது அடுத்ததில் இருக்கும் என்ற உறுதி இல்லாததால், பேட்ச் எண் ஒன்றா என்று பார்க்க வேண்டும்.

மருத்துவக் கோப்பில் இரண்டு விஷயம் அவசியம். ஹெபடைடிஸ் ஏ, பி, சி, இ பரிசோதனைகள், மது, மற்ற மாத்திரைகள் பற்றிய குறிப்பு ஒன்று. கேப்ஸ்யூலை நிறுத்திய பின் ஈரல் என்சைம் அளவு எப்படி இறங்கியது என்ற தேதிவாரி அறிக்கைகள் இன்னொன்று. சோதித்துப் பார்க்கிறேன் என்று கணவர் மறுபடி அதைச் சாப்பிடவே கூடாது. பில், டப்பா, விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை இன்றே எடுத்து வைக்க வேண்டும். நோட்டீஸ் போனதும் அந்தப் பக்கம் காணாமல் போகலாம்.