யங்கின் மட்டிலிருந்து விறைப்பு மட்டையும் பரும மட்டையும் காணல்

கம்பியொன்றை இழுத்தால் அது நீள்கிறது, அதேவேளை மெலிகிறது. நீளும் அளவை யங்கின் மட்டு (E) தருகிறது. பக்க விகாரத்தை நெடுக்கு விகாரத்தால் வகுக்கப் புவசோனின் விகிதம் (ν) கிடைக்கும். இவ்விரண்டும் தெரிந்தால் வேறு பரிசோதனையின்றி மற்றைய இரு மட்டுகளையும் கணிக்கலாம்.

விறைப்பு மட்டு: G = E / 2(1 + ν)
பரும மட்டு: K = E / 3(1 − 2ν)

இரண்டாம் சூத்திரம் எவ்வாறு வந்தது?

கனவுருவொன்றை எல்லாப் பக்கங்களிலும் P என்ற அமுக்கத்தால் அழுத்துவதாகக் கொள்ளுங்கள். ஒரு விளிம்பை எடுத்தால், அதன் திசையிலான அழுத்தம் P/E விகாரத்தால் அதனைக் குறுக்கும். மற்றைய இரு திசைகளின் அழுத்தங்கள் ஒவ்வொன்றும் νP/E விகாரத்தால் அதனை நீட்டும். ஆகவே விளிம்பின் தேறிய விகாரம் P(1 − 2ν)/E ஆகும். சிறிய விகாரங்களுக்குக் கனவளவு விகாரம் இதன் மூன்று மடங்கு. P ஐ அதனால் வகுக்க K கிடைக்கும். சூத்திரத்திலுள்ள 3 மூன்று திசைகளையும், 2ν மற்றைய இரு திசைகளையும் குறிப்பதை நினைவிற் கொள்க.

உதாரணம்

உருக்கொன்றின் E = 200 GPa, ν = 0.30 எனின் G, K என்பவற்றைக் காண்க.

G = 200 / (2 × 1.30) = 200 / 2.6 = 76.9 GPa
K = 200 / (3 × 0.40) = 200 / 1.2 = 166.7 GPa

மாணவர் விடும் தவறு

கணிகருவியில் 200 ÷ 2 × 1.3 என அழுத்தினால் 130 வரும். பகுதி முழுவதையும் அடைப்பிற்குள் இடாததே காரணம். விடை பிழையென எவ்வாறு அறிவது? ν இன் பெறுமானம் 0 இற்கும் 0.5 இற்கும் இடையில் இருக்கும்போது G ஆனது E/3 இற்கும் E/2 இற்கும் இடையிலேயே அமையும். இங்கு அது 66.7 இற்கும் 100 இற்கும் இடையில் இருக்க வேண்டும், 130 பொருந்தாது. அவ்வாறே ν = 1/3 எனின் K = E ஆகும். ν அதனிலும் குறைவாயின் K உம் E ஐ விடக் குறைவு. எமது 166.7 இதற்குப் பொருந்துகிறது.

கவனிக்க

இறப்பரின் ν ஏறத்தாழ 0.5 ஆகும். அங்கு ν ஐ 0.49 என எடுத்தால் K = E/0.06, 0.499 என எடுத்தால் K = E/0.006. ν இன் சிறு வேறுபாடு K ஐப் பத்து மடங்காக்கிவிட்டது! G இலோ மாற்றம் மிகச் சிறிது. எனவே இறப்பர் போன்ற பொருள்களுக்கு K ஐ இவ்வழியிற் கணிப்பது நம்பத்தக்கதன்று. நேரடியாக அளத்தல் வேண்டும்.

மேலும், எல்லாத் திசைகளிலும் ஒரே இயல்புடைய பொருள்களுக்கே இச்சூத்திரங்கள் பொருந்தும். நார்வழியே ஓர் இயல்பும் குறுக்கே வேறோர் இயல்பும் கொண்ட மரப்பலகைக்குப் பொருந்தா.

பயிற்சி

அலுமினியத்தின் E = 70 GPa, ν = 0.33 எனின் G, K என்பவற்றைக் காண்க.
(விடை: 26.3 GPa, 68.6 GPa)