தேநீரிலும் கோப்பியிலும் சீனியைக் குறைக்கும் முறை

வயது வந்தோர் நாளொன்றுக்கு 30 கிராமுக்கு மேல் சேர்க்கப்பட்ட சீனியை உட்கொள்ளலாகாது என்பது ஐக்கிய இராச்சியத்தின் தேசிய சுகாதார சேவையின் அறிவுரையாகும். தேனும் பனங்கட்டியும் இக்கணக்கில் அடங்கும். மட்டமாக நிரப்பிய ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 4 கிராம் சீனி உண்டு. கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் நான்கு கோப்பை அருந்துபவர், தேநீரின் மூலமே 32 கிராம் பெறுகிறார்.

முதல் வாரத்தில் எதனையும் குறைக்க வேண்டாம். குவித்து அள்ளும் கரண்டியை மட்டமாக்கினால் போதும். (நாம் சொல்லும் "இரண்டு கரண்டி" பெரும்பாலும் குவித்த கரண்டியே.) அதன்பின் இரு வாரங்களுக்கு ஒருமுறை, எல்லாக் கோப்பைகளிலும் கால் கரண்டி வீதம் குறைக்கவும். ஆறு படிகளில் கோப்பைக்கு அரைக் கரண்டியாகும். நாளுக்கு 8 கிராம். ஒரு கோப்பையை மட்டும் சீனியின்றி அருந்தினால், நாக்கு மற்றவற்றோடு ஒப்பிட்டு அதனை வெறுக்கும்.

கசப்பு மேலோங்கினால் சீனியை நாடாமல், தேயிலை ஊறும் நேரத்தைக் குறைக்கவும். இஞ்சியோ ஏலமோ சேர்க்கலாம்.

தேநீரோடு உண்ணும் பிஸ்கட்டின் எண்ணிக்கையையும் கவனிக்கவும். அது கூடுமாயின் குறைப்பு விரைந்துவிட்டது என்று பொருள். அதே அளவில் மேலும் இரு வாரங்கள் நிற்கவும். மாலைக் கோப்பையை நிறுத்த வேண்டியதில்லை. அந்நேரத்தில் பசி இருப்பின் அவித்த கடலை உகந்தது.

இன்சுலின் பயன்படுத்துவோர் தொடங்குமுன் தமது மருத்துவரிடம் கேட்டல் வேண்டும். உறவினர் இல்லங்களில், சீனியை வேறாகத் தருமாறு கேட்டுக்கொள்ளலாம்.