எந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது?

டயாலிசிஸ் பெறும் 58 வயது அம்மையார் ஒருவர் அண்மையில் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு வலப்பக்க மார்பில் புற்றுநோய் அறுவை நடந்தது. அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களும் அப்போது அகற்றப்பட்டன. இடது முழங்கையில் டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலா உள்ளது. இரத்த அழுத்தம் பார்க்கச் செவிலியர் கை கேட்டபோது, "வலது கையில் பார்க்கக் கூடாது" என்று சொல்லி இடது கையை நீட்டினார். மகள் உடனே தடுத்தார். மகள் செய்ததே சரி.

இரு கைகளுக்கும் தடை உண்டு. ஆனால் இரண்டும் ஒரே அளவான தடையல்ல.

ஃபிஸ்டுலா என்பது தமனியையும் சிரையையும் அறுவையால் இணைத்து அமைத்த வழி. அதில் இரத்தம் மிக வேகமாக ஓடுகிறது. அளவிடும் பட்டை இறுகும்போது அந்த ஓட்டம் நிற்கிறது. இரத்தம் உறைந்து வழியே அடைபடலாம். ஆகவே அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்ப்பதோ, பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதோ கூடாது. ஃபிஸ்டுலாவின் மேல் விரல் வைத்தால் ஓர் அதிர்வு தெரியும். நாள்தோறும் அதைத் தொட்டுப் பாருங்கள். அதிர்வு நின்றுவிட்டால், அடுத்த டயாலிசிஸ் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

மார்பு அறுவைக்குப் பிந்தைய தடை முன்னெச்சரிக்கையானது. கணுக்களை அகற்றியபின் கையிலிருந்து நிணநீர் வடிவது குறைகிறது. அது தேங்கினால் கை வீங்கும். அதனால் மறுகையைப் பயன்படுத்துவதே வழக்கம். எனினும், எப்போதாவது ஒருமுறை பட்டை சுற்றுவதால் வீக்கம் வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்தவர்களுக்கு வீக்கம் வரும் வாய்ப்பு குறைவு. அக்குளை முழுமையாகத் துப்புரவு செய்தவர்களுக்குக் கூடுதல்.

அந்த அம்மையாரின் வலது கையில் வீக்கம் இல்லை. கையின் சுற்றளவுக்கேற்ற பட்டையைச் சுற்றி, வலது கையிலேயே ஒருமுறை அளந்தோம். தானாகவே அடிக்கடி இறுகும் கருவியைப் பூட்டவில்லை. வலது கை வீங்கியிருந்தால், அவரைப் படுக்க வைத்துக் காலில் அளந்திருப்போம். காலில் மேல் அளவு கையைவிடப் பொதுவாகக் கூடுதலாகவே காட்டும். எனவே "காலில் பார்த்தது" என்று அளவின் அருகே எழுத வேண்டும். இல்லையேல் அழுத்தம் ஏறிவிட்டதாக எண்ணி மருந்தைக் கூட்டிவிட நேரும்.

ஃபிஸ்டுலா எந்தக் கையில், மார்பு அறுவை எந்தப் பக்கம், கணுக்கள் எவ்வளவு எடுக்கப்பட்டன என்பவற்றை ஒரு சீட்டில் எழுதி மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். நோயாளி பேச இயலாத வேளையில் அது அவருக்காகப் பேசும்.